கழற்றிய கையோடு 13.2, காலையில் 12.46: பழைய பேட்டரி வாங்கியவரின் சந்தேகம்

கேள்வி: தேனி மாவட்டம் கூடலூர் எங்களுக்கு. குமுளியில் ஒரு ஹோம்ஸ்டேக்காரர் லித்தியத்துக்கு மாறிவிட்டு, 2 வருடம் ஓடிய 150 ஏஎச் டியூபுலர் பேட்டரியை 5,500 ரூபாய்க்குக் கொடுத்தார். இன்வெர்ட்டரில் இருந்து கழற்றிய கையோடு மீட்டர் வைத்துக் காட்டினார், 13.2 வோல்ட். ஜீப்பில் வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் 12.9. மறுநாள் காலையில் 12.46. நெட்டில் ஒரு அட்டவணையில் 12.7 இருந்தால்தான் ஃபுல் என்று போட்டிருக்கிறது. பிடிக்காவிட்டால் ஒரு வாரத்துக்குள் திருப்பித் தரலாம் என்று சொல்லியிருக்கிறார். சேட்டன் என்னை ஏமாற்றிவிட்டாரா?

பதில்: அதற்குள் சேட்டனைத் திட்ட வேண்டாம். நீங்கள் எடுத்த மூன்று அளவில் நம்பக்கூடியது கடைசியாக வந்த அந்த 12.46 மட்டும்தான், அதுவும் டியூபுலர் பேட்டரிக்கு மோசமான எண் இல்லை. 13.2 என்பது பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லவே இல்லை. கொஞ்ச நேரம் முன்பு வரை சார்ஜ் ஏறிக்கொண்டிருந்தது என்று மட்டும் சொன்னது. 12.9 பாதி வழியில் எடுத்த அளவு.

காரணம் பேட்டரிக்குள் இருக்கிற ஆசிட். தகடுகள் பஞ்சு மாதிரி, உள்ளே முழுக்க நுண்ணிய துளைகள். சார்ஜ் ஏறும்போது தகட்டுக்குள் உப்பாகப் படிந்து கிடந்தது ஆசிட்டாக மாறி அந்தத் துளைகளுக்குள்ளேயே வெளியாகிறது. அதனால் துளைக்குள் ஆசிட் கெட்டியாகவும், வெளியே தொட்டியில் அதைவிட நீர்த்தும் நிற்கும். மீட்டரில் தெரியும் வோல்டேஜைத் தீர்மானிப்பது தகட்டை ஒட்டியிருக்கிற கெட்டி ஆசிட்தான், தொட்டியில் இருப்பது அல்ல. அந்தக் கெட்டி ஆசிட் துளையில் இருந்து மெதுவாக வெளியே கசிந்து தொட்டி ஆசிட்டோடு கலந்து சமமாக வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். சார்ஜரைக் கழற்றிய நொடியில் ஒரு இறக்கம், அடுத்த சில நிமிடங்களில் இன்னொரு இறக்கம், அப்புறம் இந்தக் கலப்பு நடக்க நடக்க ராத்திரி முழுக்க மெல்ல மெல்ல ஒரு இறக்கம். 13.2, 12.9, 12.46 என்று உங்கள் மீட்டர் காட்டியது இதைத்தான். பேட்டரிக்காரர்கள் இந்த மேலோட்டமான வோல்டேஜை சர்ஃபேஸ் சார்ஜ் என்பார்கள்.

சரி, 12.7 என்ன ஆச்சு? நீங்கள் பார்த்தது கார் பேட்டரிக்கான அட்டவணை. ஒரு செல்லின் ஓய்வு வோல்டேஜ் வேண்டுமென்றால் ஆசிட்டின் அடர்த்தியோடு 0.84 கூட்டினால் போதும், ஏறக்குறைய வந்துவிடும். கார் பேட்டரியில் ஃபுல் சார்ஜில் அடர்த்தி 1.28 பக்கம் வரும், 0.84 கூட்டி 6 செல்லால் பெருக்கினால் 12.72. இன்வெர்ட்டர் டியூபுலரில் பொதுவாக 1.24 தான் ஊற்றுகிறார்கள், அதே கணக்குப் போட்டால் 12.48. ஆக ஒரு ராத்திரி சும்மா இருந்த டியூபுலர் 12.46 காட்டுவது கிட்டத்தட்ட ஃபுல். 12.7 இல்லையே என்று ஒரு நல்ல பேட்டரியைத் தள்ளிவிட்டிருப்பீர்கள்!

இதை நான் அனுபவப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். அம்மா வீட்டுக்குப் பழைய பேட்டரி வாங்கப் போனபோது கடையில் சார்ஜரில் இருந்து எடுத்து நேராக மீட்டர் வைத்து 12.9 என்று காட்டினார்கள், நானும் பெரிய விஷயம் தெரிந்தவன் மாதிரி தலையாட்டிவிட்டு ஆட்டோவில் ஏற்றிவிட்டேன். அந்த வாரம் கரண்ட் போன முதல் ராத்திரியே, ஒரே ஒரு ஃபேன், 40 நிமிடத்தில் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. அதைவிட வேடிக்கை அடுத்து நடந்தது. ஸ்விட்சை அணைத்துவிட்டு மீட்டர் வைத்தால் பத்து நிமிடத்தில் 12 வோல்டைத் தாண்டி நிற்கிறது. இருக்கிறதே என்று திரும்பப் போட்டால் மூன்று நிமிடம்கூடத் தாங்கவில்லை. இது அதே கூத்து, தலைகீழாக. லோடு ஓடும்போது துளைக்குள் இருக்கிற ஆசிட் தீர்ந்து நீர்த்துப்போகும், வோல்டேஜ் விழும். லோடை எடுத்ததும் வெளியில் இருந்து ஆசிட் உள்ளே ஊற ஊற வோல்டேஜ் ஏறும். ஏறியது என்பதற்காக பேட்டரியில் புதிதாக ஒன்றும் சேர்ந்துவிடவில்லை.

இப்போது உங்கள் ஒரு வாரத்தில் செய்ய வேண்டியது. முதலில் மீட்டரைக் கவனியுங்கள். 200 ரூபாய் மஞ்சள் மீட்டராக இருந்தால் அதற்குள் இருக்கிற 9 வோல்ட் பேட்டரியை மாற்றிவிடுங்கள், அது தளர்ந்திருந்தால் சில மீட்டர்கள் இருப்பதைவிடக் கூடுதலாகக் காட்டும். நாம் பேசுவதே நூறில் ஒரு பங்கு வோல்ட் கணக்கில், அங்கே இந்தப் பிழை எல்லாவற்றையும் கெடுத்துவிடும்.

அப்புறம் பேட்டரியை இன்வெர்ட்டரில் மாட்டி முழுசாக சார்ஜ் ஏற்றுங்கள், தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்ட் வாட்டர் விட்டபின் ஏற்றுங்கள். ஃபுல் என்று விளக்கு எரிந்த பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் விடுவது நல்லது. இது உயரமான செல் என்பதால் கெட்டி ஆசிட் அடியில் போய்த் தங்கும், கலக்காத கருப்பட்டிக் காப்பியில் கடைசி வாய் மட்டும் இனிப்பது மாதிரி. அந்த நிலையில் வோல்டேஜும் கொஞ்சம் கூட்டிக் காட்டும். சார்ஜின் கடைசியில் எழும் குமிழிகள்தான் அதைக் கலக்கிவிடுகின்றன. உங்கள் பேட்டரியை குமுளி மலைப்பாதையில் ஜீப் ஏற்கெனவே கொஞ்சம் கலக்கியிருக்கும், போகட்டும்.

சார்ஜ் முடிந்ததும் இன்வெர்ட்டரை அணைத்தால் மட்டும் போதாது, பேட்டரி டெர்மினலில் இருந்து ஒரு வயரையாவது கழற்றிவிட வேண்டும். சும்மா நிற்கும் இன்வெர்ட்டரும் பேட்டரியில் இருந்து கொஞ்சம் உறிஞ்சிக்கொண்டிருக்கும், சோலார் இருந்தால் விடிந்ததும் அது ஏற்ற ஆரம்பித்துவிடும். சாயங்காலம் கழற்றினால் மறுநாள் காலையில் பாருங்கள், 12 மணி நேரம் தாராளம், எப்படியும் 4 மணி நேரத்துக்குக் குறைந்து பார்க்காதீர்கள். 12.4-க்கு மேல் என்றால் சரி. 12.2 பக்கம் நின்றால், முழு சார்ஜ் ஏற்றியும் ஆசிட் அடர்த்தி எழவில்லை என்று அர்த்தம். உப்பு தகட்டிலேயே இறுகிவிட்டது, அதைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 10.5 பக்கம் என்றால் ஒரு செல்லே போய்விட்டது.

வயரை மாட்டாமல் இன்னும் மூன்று நாள் விட்டு மறுபடி பாருங்கள். முதல் ராத்திரி இறங்கியது ஆசிட் சமமாவதால், அது முடிந்த பிறகும் நாளுக்கு நாள் இறங்கினால் அது கசிவு. நல்ல பேட்டரியில் இந்த மூன்று நாளில் கடைசி இலக்கம் ஒன்றிரண்டு மாறினாலே அதிகம். 12.46 இருந்தது 12.3 ஆனால் உள்ளே ஏதோ ஒரு செல் தானாகவே தீர்ந்துகொண்டிருக்கிறது. எந்தச் செல் என்று ஹைட்ரோமீட்டர் சொல்லிவிடும், மற்றவை 1.24 காட்டும்போது ஒன்று மட்டும் 1.20 காட்டினால் அதுதான் ஆள். ஆனால் தண்ணீர் ஊற்றிய உடனே ஹைட்ரோமீட்டர் வைத்தாலும் இதே தப்புதான், மேலே நிற்கிற தண்ணீரைத்தான் உறிஞ்சுவீர்கள்.

இவ்வளவு தாண்டி 12.46 வந்தாலும் அதற்கு ஒரு எல்லை உண்டு. பேட்டரி எந்த அளவுக்கு நிரம்பியிருக்கிறது என்பதைத்தான் அது காட்டும், எவ்வளவு கொள்ளும் என்பதைக் காட்டாது. தகட்டில் இருந்த பொருள் உதிர்ந்து அடியில் சேர்ந்திருந்தாலும் ஆசிட் ஆசிட்டாகத்தானே இருக்கும், வோல்டேஜும் அழகாக வரும். குடமா சொம்பா என்று தெரிய வேண்டுமென்றால் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். 75 வாட் ஃபேன் இரண்டை மட்டும் போட்டு மெயினை அணைத்து மணியைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டர் தின்பதையும் சேர்த்து பேட்டரியில் இருந்து 15 ஆம்பியர் போகும். புது 150 ஏஎச் என்றால் 7, 8 மணி நேரம் இழுக்கும். உங்களுடையது 5 மணி நேரத்தைத் தாண்டினால் 5,500 ரூபாய்க்குக் குறை சொல்ல மாட்டேன், 3 மணி நேரத்துக்குள் கத்தினால் பழைய ஈய விலைதான் அதற்கு. ஓட்டிப் பார்த்த அன்றே மறுபடி முழுசாக சார்ஜ் ஏற்றிவிடுங்கள், காலியாகப் போட்டு வைத்தால் நீங்களே அதைக் கெடுத்த மாதிரி ஆகும்.

அடுத்த முறை இப்படி வாங்கப் போய், ராத்திரி முழுக்கக் காத்திருக்க முடியாத இடமாக இருந்தால், கழற்றுவதற்கு முன் அங்கேயே ஃபேன், லைட் எல்லாம் போட்டு மெயினை அணைத்து கால் மணி நேரம் ஓட்டச் சொல்லுங்கள். பிறகு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, டீ குடித்துவிட்டு அரை மணி நேரம் கழித்து மீட்டர் வையுங்கள். சர்ஃபேஸ் சார்ஜ் பெரும்பாலும் போயிருக்கும். ராத்திரி வைத்த அளவுக்குத் துல்லியம் இல்லை, ஆனால் 13.2-ஐப் பார்த்து மயங்காமல் இருக்கலாம்.

கேள்வி: பழைய எலக்ட்ரிக் ஸ்கூட்டர் ஒன்றை ஓட்டிப் பார்த்தேன். லோயர் கேம்ப்பில் இருந்து குமுளி ஏறும்போது, டிஸ்ப்ளேயில் சார்ஜ் காட்டும் கட்டைகள் 4-ல் இருந்து 1-க்கு விழுந்துவிட்டன. மேலே நிறுத்திச் சாப்பிட்டுவிட்டு வந்தால் 3 கட்டை! பேட்டரி நல்லதா, கெட்டதா?

பதில்: திரும்பி வந்ததை வைத்து நல்லது என்றும் சொல்ல முடியாது, விழுந்ததை வைத்துக் கெட்டது என்றும் சொல்ல முடியாது. விலை குறைந்த வண்டிகளில் பல, வோல்டேஜை மட்டும் பார்த்துத்தான் கட்டை காட்டுகின்றன. ஏற்றத்தில் மோட்டார் ஆம்பியரை வாரி இழுக்கும்போது வோல்டேஜ் அமுங்கும், நிறுத்தினால் பாதி உடனே எழும், மீதி அடுத்த அரை மணி நேரத்தில் எழும். லித்தியத்திலும் இந்த ஊறல் உண்டு, ஈய பேட்டரி அளவுக்கு ராத்திரி முழுக்க இழுக்காது. நீங்கள் பார்க்க வேண்டியது சாப்பிட்டுவிட்டு வந்தபின் தெரிந்த 3 கட்டை எத்தனை கிலோமீட்டருக்கு நின்றது என்பதைத்தான். சமதரையில் கம்பம் வரை போய்வந்து பாருங்கள், இரண்டே கிலோமீட்டரில் மறுபடி 1 ஆகிவிட்டால் பேக் தளர்ந்துவிட்டது. பாஸ்பேட் வகை லித்தியமாக இருந்தால் கட்டையையே நம்ப வேண்டாம், அதில் முக்கால் நிரம்பியதற்கும் கால் நிரம்பியதற்கும் ஓய்வு வோல்டேஜ் வித்தியாசம் அவ்வளவு குறைவு. முழு சார்ஜ் ஏற்றி, ஓடிய தூரத்தை மட்டும் கணக்கில் எடுத்து விலை பேசுங்கள்.