தோழிக்கு ஒரு வழக்குச் சுருக்கம்

அன்புள்ள ஐயா,

சட்டம் முதலாண்டு படிக்கிறேன். என் வகுப்புத் தோழி மஞ்சள்காமாலையால் ஐந்து வாரமாக வரவில்லை. அவளுக்கு இப்படி ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்: "நீ தவறவிட்ட ஒப்பந்தச் சட்ட வழக்குகளை நான் சுருக்கித் தருகிறேன். பதிலுக்கு, இனி நடக்கப்போகும் பகுதியை நீ வீட்டிலிருந்தே படித்து எனக்குச் சுருக்கித் தா." அனுப்பலாமா? என் சுருக்கத்தை நம்பித்தானே அவள் தேர்வு எழுதுவாள் என்று பயமாகவும் இருக்கிறது. மாதிரிக்கு ஒன்று, லால்மன் சுக்லா எதிர் கௌரி தத், 1913: "காணாமல்போன பையனை ஊழியர் கண்டுபிடித்தார். 501 ரூபாய் பரிசு அறிவித்தது அவருக்குத் தெரியாது. தெரியாத முன்மொழிவை ஏற்க முடியாது. வழக்கு தள்ளுபடி."

— ம.

அன்புள்ள ம.,

அனுப்புங்கள். ஆனால் இந்த மாதிரியை அப்படியே அனுப்பாதீர்கள். இதில் பொய் எதுவும் இல்லை. தீர்ப்பில் பாதி இல்லை.

லால்மன் கான்பூரில் கௌரி தத்திடம் முனீமாக, அதாவது கணக்குப்பிள்ளையாக, இருந்தவர். வீட்டைவிட்டு ஓடிப்போன பையனைத் தேடி ஹரித்வாருக்குப் போகச் சொன்னார் முதலாளி. அவரும் ஒப்புக்கொண்டு கிளம்பிவிட்டார். அதன் பிறகுதான் பரிசுத் துண்டறிக்கை வெளியானது. பையன் ரிஷிகேஷில் கிடைத்தான். வேலையை விட்டு நீக்கப்பட்ட பிறகுதான் லால்மன் பரிசு கேட்டு வழக்குப் போட்டார். (இந்தச் சங்கதியை வகுப்பில் பெரும்பாலும் சொல்வதில்லை. எனக்கென்னவோ வழக்கின் உயிரே இங்கேதான் இருப்பதாகத் தோன்றும்.)

அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி பானர்ஜி சொன்ன காரணங்கள் இரண்டு. முன்மொழிவை அறியாமல் ஏற்பு இல்லை என்பதை நீங்கள் எழுதிவிட்டீர்கள். மற்றது, பையனைத் தேடும் கடமையை லால்மன் பரிசு அறிவிப்புக்கு முன்பே ஏற்றுக்கொண்டுவிட்டார் என்பது. பையனைத் தேடுவது கணக்குப்பிள்ளையின் வழக்கமான வேலை அல்ல என்பதை நீதிபதியும் ஒப்புக்கொள்கிறார். ஆனாலும் போகச் சம்மதித்த கணத்தில் அது அவர் கடமையாகிவிட்டது. ஏற்கெனவே செய்தாக வேண்டிய ஒன்றைச் செய்தது புதிய வாக்குறுதிக்கு மறுபயன் ஆகாது.

உங்கள் சுருக்கத்தில் விழுந்துபோனது எது முதலில், எது பிறகு என்ற வரிசை. சம்மதம் முதலில், துண்டறிக்கை பிறகு. அதை விட்டால் இரண்டாவது காரணம் நிற்க இடமில்லை.

ஒரு சுருக்கம் முழுமையா என்று பார்க்க எளிய வழி, ஒரு சம்பவத்தை மட்டும் மாற்றிக் கேட்பது. துண்டறிக்கையைப் படித்துவிட்டு அக்கம்பக்கத்தார் ஒருவர் பையனைக் கண்டுபிடித்திருந்தால்? ஒப்பந்தச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி நிபந்தனையை நிறைவேற்றுவதே ஏற்பு; அவருக்குப் பரிசு உண்டு. அவர் துண்டறிக்கையைப் பார்க்கவே இல்லையென்றால்? கிடையாது. சரி, லால்மனே ஹரித்வாரில் துண்டறிக்கையைப் படித்துவிட்டுத் தேடியிருந்தால்? உங்கள் சுருக்கத்தை மட்டும் படித்தவர் "பரிசு உண்டு" என்பார். தீர்ப்பைப் படித்தவர் "அப்போதும் இல்லை" என்பார். சட்டத் தேர்வில் பிரச்சினைக் கேள்விகள் இப்படித்தான் வரும்.

அதனால் கடிதத்தில் ஒரு மாற்றம் செய்யுங்கள். இந்தத் தீர்ப்பு சிறியது. உடம்பு தேறிவருகிறவர்கூட ஒரே மூச்சில் படித்துவிடலாம். உங்கள் சுருக்கத்தை முதலில் அனுப்பாமல், தீர்ப்பின் நகலை அனுப்பி, தோழியையும் அரைப் பக்கம் எழுதச் சொல்லுங்கள். அவர் எழுதி முடித்த பிறகு இரண்டையும் மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் காதில் ஆசிரியரின் குரல் இருக்கிறது. ஆசிரியர் எதை அழுத்திச் சொன்னாரோ அதுவே வழக்கு என்று எழுதிவிடுவீர்கள். தோழிக்கு அந்தக் குரல் கேட்கவில்லை என்பதால் தீர்ப்பில் உள்ளதைத்தான் எழுதுவார். ஆசிரியர் சொன்ன தேர்வுக் குறிப்புகள் அவருக்குக் கிடைக்காது. அதை நீங்கள் கொடுங்கள்.

எல்லா வழக்குக்கும் இப்படிச் செய்யச் சொல்லவில்லை. 1893ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் வெளியான கார்லில் வழக்குத் தீர்ப்பு நீளமானது. மூன்று நீதிபதிகள் தனித்தனியாக எழுதியிருக்கிறார்கள். அதற்கு உங்கள் சுருக்கமே போதும்.

தோழி உங்களுக்குத் தரவேண்டியதில் முதலாவதாக, வயது வராதவரின் ஒப்பந்தம் பற்றிய மோஹரி பீபி வழக்கைக் கேளுங்கள். பிரிவி கவுன்சில் 1903இல் தீர்த்தது. கடன் கொடுத்தவரின் முகவருக்கு, வாங்கியவர் மைனர் என்பது தெரிந்திருந்தது. அவர் அனுப்பும் தாளில் அந்த ஒரு விவரம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், தெரியாமல் கொடுத்திருந்தால் என்ன ஆகும் என்று அவரிடமே கேளுங்கள்.