சன்ஷேடு போட்டும் சுவர் கறுப்பது ஏன்?

"வீட்டின் கீழ்த்தளம் கட்டி நான்கு வருடம் ஆகிறது. சன்ஷேடுக்குக் கீழே, ஜன்னலின் இரண்டு பக்கமும் சுவரில் கறுப்புக் கோடுகள் இறங்குகின்றன. இரண்டு முறை பெயிண்ட் அடித்தும் மழைக்காலத்தில் திரும்ப வந்துவிடுகிறது. ஒரு சன்ஷேட்டின் மேல், சுவரை ஒட்டி மெல்லிய விரிசலும் தெரிகிறது. வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் அடித்தால் இரண்டும் சரியாகும் என்கிறார் ஒருவர். அடுத்து மாடி கட்டப் போகிறோம். என்ன செய்யலாம்?"
- வாசகர், திருச்சி

கோட்டிங்குக்கு இப்போதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். கறை வேறு, விரிசல் வேறு. கோட்டிங் இரண்டுக்கும் மருந்தாகாது.

முதலில் கறை. ஒரு குடம் தண்ணீரை சன்ஷேட்டின் மேல் மெதுவாக ஊற்றச் சொல்லி, நீங்கள் கீழே நின்று அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். விளிம்புக்கு வந்த தண்ணீர் நேராகச் சொட்டாமல், அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டு சுவரை நோக்கி ஊர்ந்து வரும். மேலே கிடக்கும் தூசியையும் பாசியையும் அதுதான் சுவருக்குக் கொண்டுவருகிறது. இதைத் தடுக்கத்தான் அடிப்பக்கத்தில், விளிம்பிலிருந்து ஒன்று, ஒன்றரை அங்குலம் உள்ளே தள்ளி, அரை அங்குல அகலத்தில் ஒரு பள்ளக்கோடு விடுவார்கள். டிரிப் மோல்டு என்பது அதுதான். தண்ணீர் பள்ளத்தின் ஓரத்துக்கு வந்ததும் பிடிமானம் இல்லாமல் அங்கேயே சொட்டிவிடும்.

உங்கள் வீட்டில் இரண்டில் ஒன்று நடந்திருக்கும். கொத்தனார் அந்தக் கோட்டை விடவே இல்லை, அல்லது அவர் விட்டதைப் பெயிண்டர் பட்டி வைத்து வழவழவென்று அடைத்துவிட்டார். இரண்டாவதுதான் நான் அதிகம் பார்ப்பது. ஆணியால் சுரண்டிப் பாருங்கள். பள்ளம் உள்ளே இருந்தால் பட்டியைச் சுரண்டி எடுத்தாலே வேலை முடிந்தது. இல்லையென்றால், முன்விளிம்பின் அடியில் அரை அங்குலம் கீழே தொங்குகிற மாதிரி பூச்சில் ஒரு மூக்கு இழுக்கச் சொல்லுங்கள், பக்கவாட்டு விளிம்புகளிலும் சேர்த்து. ஆனால் அந்த மூக்கோ கோடோ சுவரைத் தொடக் கூடாது, இரண்டு அங்குலம் முன்பே நிற்க வேண்டும். சுவர் வரை கொண்டுபோனால் அதுவே தண்ணீரைச் சுவருக்கு அழைத்துப்போகும் வாய்க்கால் ஆகிவிடும்.

வாட்டத்தையும் பாருங்கள். 2 அடி நீளும் சன்ஷேட்டுக்குச் சுவரிலிருந்து வெளியே ஓர் அங்குலம் சரிவு போதும். தண்ணீர் தேங்கினால் மெல்லிய சிமெண்ட் பூச்சில் வாட்டம் எடுத்து, சுவரும் சன்ஷேடும் சேரும் மூலையைச் சாய்வாகப் பூசுங்கள். வாட்டம் கிடைக்கவில்லை என்று மூன்று அங்குலம் கலவை ஏற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது சன்ஷேட்டின் எடையை ஏறக்குறைய முக்கால் பங்கு கூட்டிவிடுகிறது. விரிசல் உள்ள சன்ஷேட்டில் மெல்லிய பூச்சுகூட வேண்டாம்.

அந்த விரிசல்தான் எனக்குக் கவலை. சன்ஷேடு சுவரிலிருந்து நீட்டிய கை மாதிரி, ஒரு பக்கம் மட்டுமே பிடிப்பு. பாரம் அதைக் கீழே வளைக்கும்போது மேல்பக்கம் இழுபடுகிறது. அதனால் கம்பி மேல்பக்கத்தில்தான் இருக்க வேண்டும். 4 அடி ஜன்னலுக்கு 5 அடி நீளம், 2 அடி நீட்டல், சுவரோரம் 4 அங்குலமும் நுனியில் 3 அங்குலமும் கனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். எடை சுமார் 200 கிலோ. இதற்கு 8 மில்லிமீட்டர் கம்பி 6 அங்குலத்துக்கு ஒன்றாக, மேலே முக்கால் அங்குலம் மட்டும் கான்கிரீட் மூடும்படி இருந்தால் போதும். குறுக்குக் கம்பிகளையும் சேர்த்து மொத்தம் 8 கிலோ வரும். இந்தச் சின்ன அளவில்தான் சதுரடிக் கணக்கில் ஒப்பந்தம் எடுப்பவர் கை வைக்கிறார். "சன்ஷேடுதானே சார்" என்பார்.

கம்பி முழுதாகப் போட்டிருந்தாலும், கான்கிரீட் கொட்டும்போது ஆட்கள் அதன் மேலேயே நடந்தால் அது கீழே இறங்கிவிடும். நடுவுக்கு இறங்கினாலே வலு மூன்றில் ஒரு பங்கு போய்விடும். அடிக்கே போனால், சன்ஷேடு வெறும் கான்கிரீட்டின் தயவில் நிற்கிறது என்று அர்த்தம். சுவரை ஒட்டி மேலே தெரியும் விரிசல் இதன் அறிகுறியாக இருக்கலாம். பூச்சில் மட்டும் விழுந்த வெடிப்பாகவும் இருக்கலாம். பூச்சைக் கொஞ்சம் கொத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். கான்கிரீட்டிலும் விரிசல் ஓடினால் உடனே கீழே முட்டு கொடுங்கள், மேலே யாரையும் ஏறவிடாதீர்கள். நுனியில் நிற்கும் ஒரு பெயிண்டர், சன்ஷேட்டின் சொந்த எடை தரும் வளைவில் முக்கால் பங்கை மேலும் சேர்க்கிறார். கம்பியின் ஆழத்தைக் காட்டும் கருவியுடன் ஒரு பொறியாளரை வரச் சொல்லுங்கள். கம்பி அடியில் இருப்பது உறுதியானால் இடித்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் வழி. விரிசலில் எதை ஊற்றினாலும் கம்பி மேலே வராது.

உங்கள் அனுமதி வரைபடத்தை எடுத்துப் பாருங்கள், சன்ஷேடு அதில் வெறும் ஒரு கோடாகத்தான் இருக்கும். கம்பி மேலேயா கீழேயா என்று அந்தத் தாள் சொல்வதில்லை, கான்கிரீட் போடும் நாளில் எந்த அதிகாரியும் வருவதில்லை. கையெழுத்தும் முத்திரையும் மட்டும் சரியாக இருக்கின்றன. தெருவில் நடக்கிறவர் தலைக்கு மேலே தொங்கும் பொருளுக்கு இவ்வளவுதான் கவனிப்பு என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அதனால் மாடியில் நீங்களே பாருங்கள். கம்பி, ஜன்னலுக்கு மேலே ஓடும் கான்கிரீட் உத்தரமான லிண்டலுக்குள் நுழைந்து, அதன் அகலம் முழுக்கக் கடந்து, உள்பக்கம் கீழே மடங்கி லிண்டல் கம்பிகளைப் பிடித்திருக்க வேண்டும். கம்பிக்கு அடியில் உயரம் சரியாகக் கொடுத்த கம்பிக் குதிரைகள் இருக்க வேண்டும், ஆட்கள் நடக்கத் தனிப்பலகை போட வேண்டும். முட்டுகளை 14 நாள் கழித்து, அதுவும் லிண்டலுக்கு மேல் சுவர் ஏறிய பிறகே எடுக்க வேண்டும். லிண்டலை அழுத்திப் பிடிப்பது மேலே உள்ள சுவரின் எடைதான். அது வருமுன் முட்டெடுத்தால் லிண்டலோடு சேர்ந்து சன்ஷேடு புரளும்.

உள்ளே லாஃப்ட் இருந்தால் கதை மாறும். வெளியே சன்ஷேடு, உள்ளே லாஃப்ட், இரண்டும் தராசுத் தட்டுகள் மாதிரி ஒன்றையொன்று தாங்கும். அப்போது கம்பியை லிண்டலில் மடக்க வேண்டியதில்லை, நேராக லாஃப்ட்டின் மேல்பக்கத்துக்கே ஓட்டலாம். ஆனால் இரண்டையும் ஒரே நாளில், ஒரே கம்பியில் போட்டால்தான் இது பொருந்தும். லாஃப்ட்டைப் பிறகு துளையிட்டுச் சேர்த்தால் பொருந்தாது. ஜன்னலின் பாதி நீளத்துக்கு மட்டும் லாஃப்ட் இருந்தால், மீதிப் பாதியில் கம்பி லிண்டலில் மடங்கியே ஆக வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில், புது அலமாரிக்கு இடம் வேண்டும் என்று உள் அலங்காரக்காரர் லாஃப்ட்டைச் சுவரோடு அறுத்து எடுத்தார். கம்பியின் பிடிப்பு முழுக்க அறுந்துபோனது யாருக்கும் தோன்றவில்லை. சில மாதத்தில் வெளியே சன்ஷேடு தலை சாய்ந்தது, நல்லவேளை முட்டு கொடுத்து இறக்க நேரம் கிடைத்தது. உங்கள் விரிசல் விழுந்த ஜன்னலின் உள்ளே லாஃப்ட் எதையாவது எடுத்திருந்தால், பொறியாளரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

ஏசியின் வெளிப்பெட்டியை எந்த சன்ஷேட்டிலும் வைக்காதீர்கள், தனிச் சட்டம் அடித்துச் சுவரில் மாட்டுங்கள். கறைக்கான பெயிண்டை டிரிப் மோல்டு வேலை முடித்து, ஐப்பசி மழை ஒரு முறை பெய்து, சுவர் கறுக்கவில்லை என்று பார்த்த பிறகு அடித்துக்கொள்ளலாம்.