650 சதுர அடி என்றால் எந்த 650?

"கீழக்கரையில் கடலுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் பழைய அப்பார்ட்மெண்டை இடித்துக் கட்டப்போகிறார்கள். இருந்த 650 சதுர அடி அப்படியே கிடைக்கும், 2 வருட வாடகையும் உண்டு என்கிறது கமிட்டி. கையெழுத்துப் போடலாமா?"

இந்த இரண்டு வாக்கியங்கள் மட்டுமே ஒப்பந்தத்தில் இருந்தால் போடாதீர்கள். கமிட்டியைச் சந்தேகப்படச் சொல்லவில்லை. பில்டர் சொன்னதைத்தான் அவர்களும் சொல்லியிருப்பார்கள். கூட்டத்துக்கு ஒருநாளும் வராமல், கமிட்டி விலைபோய்விட்டது என்று வாட்ஸ்அப்பில் எழுதுகிறவர்கள்மேல்தான் எனக்குக் கோபம்.

பத்திரத்திலுள்ள 650, பெரும்பாலும் சுவரும் படிக்கட்டுப் பங்கும் சேர்ந்த கணக்கு. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் உள்ளே 540 சதுர அடி புழங்க இருந்தது என்று வையுங்கள். புதுக் கட்டடத்தில் லிஃப்ட், அகலமான படி, நடைபாதை எல்லாம் உங்கள் பங்கில் ஏறும். 650-இல் 30 சதவீதம் அப்படிப் போனால் உள்ளே மிஞ்சுவது 455. குறைவது 85 சதுர அடி, அதாவது பத்துக்கு எட்டரை அடி அறை ஒன்று. காகிதத்தில் மட்டும் 650 அப்படியே இருக்கும்.

அதனால் "கார்ப்பெட் ஏரியா" என்றே எழுதச் சொல்லுங்கள். 2016-இன் ரேரா என்ற ரியல் எஸ்டேட் சட்டப்படி வெளிச்சுவரும் பால்கனியும் இதில் சேராது, உள்தடுப்புச் சுவர் சேரும். இடிப்பதற்கு முன்பே அறை அறையாக, பூச்சிலிருந்து பூச்சுவரை டேப் பிடித்து அளந்து, பால்கனியைத் தனியாகக் குறித்து, அந்த வரைபடத்தில் பில்டரும் நீங்களும் கையெழுத்திட்டு ஒப்பந்தத்தோடு இணையுங்கள். இடித்தபின் அளந்து காட்ட எதுவும் மிஞ்சாது.

வாடகையில், 2 வருடம் எந்த நாளிலிருந்து என்று கேளுங்கள். கடலோர உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டருக்குள் இருந்தால், கடலோரக் கட்டுமானத்தைக் கட்டுப்படுத்தும் சிஆர்இசட் விதிகள் வரும். அந்த அனுமதி தாமதமானால் பிளான் அப்ரூவலும் தாமதமாகும். கையெழுத்திட்ட நாளிலிருந்து எண்ணினால் காத்திருப்பிலேயே பாதி கரையும். இரண்டு அனுமதிகளின் நகலையும் பார்த்த பிறகே வீட்டைக் காலி செய்யுங்கள். சாவி கொடுத்த நாள் தொடங்கி, நிறைவுச் சான்றும் கரண்ட், தண்ணீர் இணைப்பும் கிடைத்துப் புதுச் சாவி உங்கள் கைக்கு வரும் நாள்வரை வாடகை என்று எழுத வேண்டும். மாதம் 8,000 என்று வைத்து, 24 மாத வேலை 33 மாதம் இழுத்தால், ஒப்பந்தத்தில் இந்த வாக்கியம் இல்லாதவருக்குக் கைக்காசு 72,000 போகும்.

பின்தேதியிட்ட செக்கை மட்டும் நம்பாதீர்கள். கணக்கில் பணம் இல்லையென்றால் அது திரும்பிவிடும். குறைந்தது ஆறு மாத வாடகைக்கு வங்கி உத்தரவாதம் கேளுங்கள். வாடகை இரண்டு மாதம் தொடர்ந்து தாமதமானால் வேலையும் நிற்கப்போகிறது என்று எடுத்துக்கொண்டு, அன்றே எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள்.

வளைகுடாவில் இருக்கும் உரிமையாளர்கள் பவர் கொடுக்கும்போது, பரப்பளவை மாற்றும் அதிகாரத்தை அதில் சேர்க்க வேண்டாம்.