ஒரே அடுப்பில் இரண்டு குறிப்பு

"எங்கள் பேக்கரிக்கு பலம், பலவீனம், வாய்ப்பு, அச்சுறுத்தல் என்று நான்கு கட்டம் பிரித்து ஸ்வாட் போட்டோம். பிரெட் தினம் 12 மிஞ்சுகிறது, பப்ஸ் ஐந்தரைக்கே தீர்கிறது, எதிரே பெரிய கடை வரப்போகிறது, டெலிவரி ஆப்பில் சேரலாம். எது முதலில்?"

நான்கு கட்டத்தையும் தனித்தனியாகப் படிக்காதீர்கள். ஒவ்வொன்றின் பக்கத்திலும் மாதம் எத்தனை ரூபாய், எப்போது என்று எழுதுங்கள்.

ஒரு பிரெட்டின் அடக்கவிலை 25 ரூபாய் என்றால் மாதம் 9,000 ரூபாய் குப்பைக்குப் போகிறது. உங்கள் பலமும் பலவீனமும் ஒரே அடுப்பில்தான் இருக்கின்றன. பிரெட்டில் பத்தைக் குறைத்து, மாலை ஐந்து மணிக்கு இன்னொரு ஈடு பப்ஸ் போடுங்கள். செலவில்லை, நாளைக்கே தொடங்கலாம்; அதனால் இதுதான் முதலிடம். மழை நாளில் மட்டும் அந்த ஈட்டை யோசித்துப் போடுங்கள்.

அடுத்தது எதிர்க்கடை. அவர்கள் முதலில் இழுப்பது பிறந்தநாள் கேக்கைத்தான். திறக்குமுன் பழைய ஆர்டர் நோட்டை எடுத்து, தேதி பார்த்து ஃபோன் செய்யுங்கள்.

ஆப் கடைசி. இருக்கும் பப்ஸே போதாதபோது கமிஷன் கொடுத்து எதை விற்பீர்கள்?