கனவுபோன்ற ஆல்பம் அட்டைக்கான பிராம்ப்ட்

எங்கள் நாட்டுப்புற இசைக்குழுவின் ஆல்பம் அட்டை கனவுபோல இருக்கப் பிராம்ப்டில் என்ன எழுதுவது?

பிராம்ப்ட் என்பது படம் உருவாக்கும் செயலிக்கு நாம் எழுதித் தரும் வருணனை. 'கனவுபோல' என்று மட்டும் எழுதினால் பெரும்பாலும் ஊதா மேகங்களே கிடைக்கும். ஏனெனில், செயலி அச்சொல்லோடு இணைத்துக் கற்ற படங்களின் சாயலையே திருப்பித் தருகிறது. தையற்காரரிடம் 'அழகாக' என்னாமல் கழுத்தின் ஆழத்தைச் சொல்வதுபோல, ஒரே ஒரு முரணைக் காட்சியாக எழுதுங்கள்:

"சதுரப் படம், நடுவில், தலைக்குப் பதிலாகப் பறவைக்கூட்டுடன், மடியில் வயலின் வைத்து அமர்ந்திருக்கும் முதியவள், பின்னே அறுவடை முடிந்த வயல், மங்கிய காவி, செங்கல், பழுப்பு நிறங்கள், மேற்பகுதியில் வெற்று வானம்."

வெற்று வானம் குழுவின் பெயருக்கான இடம். பெயரைப் பின்னர் நீங்களே பொறிப்பது நல்லது. விசித்திரங்களை அடுக்கினால் கனவுத்தன்மை கூடும் என்பது தவறான எண்ணம். மற்றவை இயல்பாக இருந்தால்தான் அந்தக் கூடு திடுக்கிட வைக்கும்.