சில்லும் கைபிடியும் அளவில் சேருமா?

கேள்வி: கட்டாரில் இருக்கும் மகனிடம் அடுத்த மாதம் போகிறேன். கல்முனையில் "20 அங்குலப் பெட்டி, கையில் கொண்டு போகலாம்" என்று சொல்லி ஒரு சில்லுப் பெட்டியைத் தந்தார்கள். வீட்டில் அளந்தால் உயரம் 49, அகலம் 36, தடிப்பு 21 சென்ரிமீற்றர் வருகிறது. கட்டார் எயார்வேஸின் அளவு 50, 37, 25 என்று மகன் சொன்னார். சில்லையும் கைபிடியையும் நான் அளக்கவில்லை. அவையும் சேருமா?
– வாசகி ஒருவர், கல்முனை

பதில்: சேரும். நீங்கள் அளந்திருப்பது பெட்டியின் உடலை மட்டுமே. விமான நிறுவனங்கள் சொல்லும் அளவு, பெட்டியிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் உள்ளடக்கியது. அதாவது சில்லு, மேல் கைபிடி, பக்கக் கைபிடி, பெட்டியை நிறுத்தும் சிறிய கால்கள், முன்பக்கப் பை என எதுவும் கணக்கிலிருந்து தப்பாது. அவற்றையும் சேர்த்தால், நீங்கள் தந்த அளவுகளின்படி உங்கள் பெட்டி உயரத்தில் 50 சென்ரிமீற்றரைத் தாண்டியே நிற்கும்.

இந்த விதிக்கான காரணத்தை விமான நிலையத்தில் கண்ணால் காணலாம். பொதியை ஏற்கும் முகப்பின் அருகிலோ விமானத்தில் ஏறும் வாயிலிலோ, திறந்த பெட்டி போன்ற ஓர் உலோகச் சட்டகம் வைக்கப்பட்டிருக்கும். அதிகாரிக்குச் சந்தேகம் வந்தால் பெட்டியை அதற்குள் இறக்கச் சொல்வார். அந்தச் சட்டகத்துக்குச் சில்லு வேறு, உடல் வேறு என்று தெரியாது. பெட்டி முழுதாக உள்ளே இறங்க வேண்டும், இல்லாவிட்டால் வெளியே நிற்கும். விமானத்தில் இருக்கைகளுக்கு மேலுள்ள தட்டின் நிலையும் அதுதான், மூடி சாத்தப்படாவிட்டால் அந்தப் பெட்டிக்கு அங்கே இடமில்லை.

"20 அங்குலம்" என்ற பேச்சை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். 20 அங்குலம் என்பது 50.8 சென்ரிமீற்றர். கடைக்காரர் சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டாலும் உங்கள் விமானத்தின் 50 சென்ரிமீற்றர் எல்லையை அது ஏற்கனவே தாண்டிவிட்டது. அதைவிட முக்கியமான விடயம், அந்த எண் எதைக் குறிக்கிறது என்பதில் தயாரிப்பாளர்களிடையே ஒற்றுமை இல்லை. சிலர் உடலின் உயரத்தைச் சொல்கிறார்கள், சிலர் சில்லோடு சேர்த்துச் சொல்கிறார்கள், சிலருக்கு அது பெட்டி வரிசையில் சிறியது எது, பெரியது எது என்று காட்டும் அடையாளம் மட்டுமே. பெட்டி வாங்கப் போகும்போது அளவுநாடாவைக் கையோடு கொண்டு போகுமாறு எனது பயணிகளுக்கு நான் சொல்வது இதனாலேயே.

இனி அளக்கும் முறையைப் பார்ப்போம். வெறும் பெட்டியை அளக்காதீர்கள், கொண்டு போகும் சாமான்களை முழுவதும் அடுக்கிய பிறகு அளவுங்கள். துணியாலான பெட்டி நிரம்பும்போது வயிறு தள்ளும், முன்பக்கப் பை தனியாகப் புடைக்கும். சுற்றிவர ஓடும் இரண்டாவது சிப் உங்கள் பெட்டியில் இருந்தால் அது பெட்டியை விரிப்பதற்கானது, அதை மூடியே வைத்திருங்கள். இழுத்துச் செல்லும் நீள் கைபிடியை முழுவதும் உள்ளே தள்ளிவிடுங்கள். உள்ளே போன பிறகும் அதன் பிடி ஒன்று அல்லது இரண்டு சென்ரிமீற்றர் மேலே துருத்திக்கொண்டிருப்பதைக் காண்பீர்கள், அந்தத் துருத்தலும் அளவில் சேரும்.

உயரத்தை அளக்கும்போது அளவுநாடாவைப் பெட்டியின் மேல் வளைத்து ஓட விடுவதுதான் வழமையாக நடக்கும் தவறு. வளைவான மேற்பரப்பில் நாடா ஓடினால் உண்மை உயரத்தைவிடக் கூடுதலாகக் காட்டும், உடலின் விளிம்பில் தொடங்கினால் குறைவாகக் காட்டும். சுவரைத் துணைக்கு எடுத்துக்கொண்டால் இரண்டு பிழையும் வராது. சமமான சீமெந்துத் தரையில், சுவரோடு ஒட்டிப் பெட்டியைச் சில்லில் நிறுத்துங்கள். தடித்த அட்டைப் புத்தகம் ஒன்றையோ சிறு பலகையையோ எடுத்து, ஒரு விளிம்பு சுவரில் முட்டும்படி, பெட்டியில் எது ஆக உயரமாக இருக்கிறதோ அதன் மீது மட்டமாகப் படிய வையுங்கள். பலகையின் அடிப்பக்கம் சுவரைத் தொடும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு இடுங்கள். பெட்டியை அப்பால் நகர்த்திவிட்டு, தரையிலிருந்து அந்தக் கோடு வரை அளந்தால் வருவதே உண்மையான உயரம். அகலத்துக்கு, பெட்டியின் ஒரு பக்கத்தைச் சுவரில் முட்டவைத்து, கைபிடி உள்ள மறுபக்கத்தில் பலகையைச் செங்குத்தாகப் பிடித்து, சுவருக்கும் பலகைக்கும் இடையிலுள்ள தூரத்தைத் தரையோடு அளவுங்கள். தடிப்பையும் இதே போல் முதுகைச் சுவரில் வைத்து அளக்கலாம்.

சில்லைப் பற்றித் தனியே ஒரு வார்த்தை. இரண்டு சில்லுப் பெட்டிகளில் சில்லு பெரும்பாலும் முதுகுப் பக்க மூலையில் பதிந்திருக்கும், அதனால் உயரத்தில் குறைவாகவே கூடும், ஆனால் தடிப்பில் சற்று வெளியே நீட்டும். எல்லாத் திசையிலும் சுழலும் நான்கு சில்லுப் பெட்டிகளில் சில்லு முழுவதும் உடலுக்குக் கீழே தொங்குவதால், உயரத்தில் நான்கைந்து சென்ரிமீற்றர் சாதாரணமாகக் கூடும். அவை சுழலும்போது பக்கவாட்டிலும் உடலின் விளிம்பைத் தாண்டலாம். ஆகவே அளக்கும் முன், சில்லுகளை வெளிப்புறமாகத் திருப்பி விட்டே அளவுங்கள். சட்டகத்துக்குள் இறக்கும்போது மட்டும் உட்புறமாகத் திருப்பிக்கொள்ளலாம்.

உங்கள் கடிதம் வந்த பின், எமது மட்டக்களப்பு அலுவலகத்தில் கிடக்கும் ஒரு நான்கு சில்லுப் பெட்டியை இவ்வாறு அளந்து பார்த்தேன். அதன் உடலின் அளவும் உங்களுடையதைப் போலவே 49, 36, 21. சில்லு 4.5, உள்ளே தள்ளிய பின்னும் துருத்தும் மேல் கைபிடி 1.5, ஆக உயரம் 55 ஆயிற்று. பக்கக் கைபிடி ஒன்றைக் கூட்ட அகலம் 37. முன்பக்கப் பையில் ஒரு தொதல் பைக்கற்றும் மருந்துப் பையும் வைத்தபோது தடிப்பு 24. உங்கள் விமானத்துக்கு அகலமும் தடிப்பும் எல்லைக்குள் அடங்குகின்றன, உயரம் மட்டும் 5 சென்ரிமீற்றர் கூடிவிடுகிறது. மூன்றில் ஒன்று தாண்டினாலே பெட்டி சட்டகத்துக்குள் இறங்காது.

இதே பெட்டியை வேறு விமானங்களுக்குக் கொண்டுபோனால் தவறும் இடம் மாறுகிறது என்பதையும் கவனியுங்கள். இண்டிகோவின் எல்லை 55, 35, 25. அங்கே உயரம் மட்டாகப் பொருந்துகிறது, அகலம் 2 சென்ரிமீற்றர் கூடுகிறது. எயார் ஏசியாவின் எல்லை 56, 36, 23. அங்கே அகலத்திலும் தடிப்பிலும் ஒவ்வொரு சென்ரிமீற்றர் மிஞ்சுகிறது. சிங்கப்பூர் எயார்லைன்ஸ் மூன்று பக்கத்தின் கூட்டுத்தொகையை 115 என்று வைத்திருக்கிறது, இந்தப் பெட்டியின் கூட்டுத்தொகையோ 116. (158 சென்ரிமீற்றர் என்ற எண்ணையும் சிலர் இங்கே கொண்டுவந்து குழப்பிக்கொள்கிறார்கள். அது விமானத்தின் அடியில் ஏற்றும் பெரிய பொதிக்கான கூட்டுத்தொகை.) எல்லோருக்கும் பொதுவான ஓர் அளவைக் கொண்டுவர சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கம் 2015 இல் 55, 35, 20 என்று முன்மொழிந்தது. எதிர்ப்பு எழுந்ததும் சில நாட்களிலேயே அந்த முயற்சி நிறுத்திவைக்கப்பட்டது. எனவே "எந்த விமானத்துக்கும் ஏற்ற பெட்டி" என்று கடையில் யாராவது சொன்னால், அதை வியாபாரப் பேச்சாக எடுத்துக்கொள்வதே நல்லது.

பயணச்சீட்டில் ஒரு வரியையும் பார்த்துக்கொள்ளுங்கள். சீட்டை விற்ற நிறுவனம் ஒன்றாகவும் உண்மையில் பறக்கும் விமானம் வேறொரு நிறுவனத்தினுடையதாகவும் இருக்கலாம். அப்படியானால் "Operated by" என்பதற்கு அடுத்து அந்தப் பெயர் இருக்கும். வாயிலில் நிற்பவர்கள் அந்த நிறுவனத்தின் ஆட்கள் என்பதால், அவர்களுடைய அளவையே பார்க்க வேண்டும். அளவு அவ்வப்போது மாற்றப்படுவதும் உண்டு, ஆகவே பயணத்துக்கு ஒரு வாரம் முன்னர் அந்த நிறுவனத்தின் தளத்தை மகனிடம் மீண்டும் ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

இனி உங்கள் பெட்டியை என்ன செய்யலாம்? கடைக்காரர் மாற்றித் தருவாரென்றால், சில்லோடும் கைபிடியோடும் 49 சென்ரிமீற்றருக்கு மேற்படாத சிறிய பெட்டியைக் கேளுங்கள். எல்லையோடு ஒட்டி நிற்காமல் ஒரு சென்ரிமீற்றர் இடைவெளி விடுவது, சட்டகத்தின் விளிம்பில் கைபிடி சிக்காமலிருக்க உதவும். மாற்ற முடியாவிட்டால் அந்தப் பெட்டியை முகப்பில் கொடுத்து அடியில் ஏற்றிவிட்டு, ஒரு முதுகுப்பையைக் கையில் எடுத்துச் செல்லுங்கள். உண்மையில் எனது விருப்பமும் அதுவே. சாதாரண வகுப்பில் உங்கள் விமானம் அனுமதிப்பது 7 கிலோ. சில்லும் இரும்புக் கம்பியும் உள்ள பெட்டி வெறுமையாகவே இரண்டரை, மூன்று கிலோ வரும், சாமானுக்கு மிஞ்சுவது நான்கு கிலோ. முதுகுப்பையோ ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். சில்லைக் கழற்றிவிட்டுக் கொண்டுபோகலாமா என்று கேட்டவர்களும் உண்டு. கழற்றிய இடத்தில் எஞ்சும் பிளாஸ்ரிக் கூடும் அளவில் சேரும் என்பதால் அதில் பெரிதாக எதுவும் மிச்சமாகாது.

"போன முறை இதே பெட்டியை யாருமே கேட்கவில்லை" என்று ஊரில் சொல்வார்கள், அதுவும் பொய்யல்ல. ஆட்கள் குறைந்த விமானத்தில் நிறையோடு பார்வை நின்றுவிடுவது உண்டு. விமானம் நிரம்பினால் தட்டில் இடம் போதாது, அப்போது வாயிலிலேயே பெட்டிகளைப் பிரித்தெடுக்கத் தொடங்குவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் எனது துணிப் பெட்டி ஒன்றும் அப்படிச் சட்டகத்தில் பாதியில் சிக்கிக்கொண்டது. அளவெல்லாம் சரிதான், கடைசி நேரத்தில் முன்பையில் திணித்த ஒரு சால்வைதான் காரணம். கல்முனையிலிருந்து இரவு முழுக்கப் பஸ்ஸில் வந்து கட்டுநாயக்கவில் இறங்கியவருக்குப் பெட்டியை மாற்ற அங்கே வழியில்லை.

அப்படி வாயிலில் பெட்டியைக் கேட்டால், கொடுக்கும் முன் கடவுச்சீட்டு, பணம், நகை, அன்றாட மருந்து ஆகியவற்றோடு, தொலைபேசிக்கு மின்னேற்றும் பவர் பாங்க்கையும் வெளியே எடுத்துவிடுங்கள். அதன் லித்தியம் மின்கலம் தீப்பற்றக்கூடியது என்பதால் அடியில் ஏற்றும் பொதியில் அதை அனுமதிப்பதில்லை. இவை அனைத்தையும் பெட்டியின் மேற்பரப்பில் ஒரு சிறு துணிப்பைக்குள் சேர்த்து வைத்திருந்தால், வரிசையில் நின்றபடியே ஒரே இழுப்பில் எடுத்துக்கொள்ளலாம்.