கைடன்ஸ் ஸ்கேல்: வீட்டு ரெண்டர் நம் சொல்லைக் கேட்கும் இடமும், தன் போக்கில் போகும் இடமும்

கேள்வி: செங்கல் சுவர், மரச் சட்டம் போட்ட ஜன்னல் என்று தெளிவாக எழுதினேன். ஸ்டேபிள் டிஃப்யூஷன் வெள்ளைச் சுவரும் பெரிய கண்ணாடியுமாக ஒரு வீட்டைத் தருகிறது. CFG Scale என்ற கைடன்ஸ் ஸ்கேல் 3-இல் இருக்கிறது. காரணம் அதுதானா?

பெரும்பாலும் அதுதான். படம் உருவாகும் ஒவ்வொரு படியிலும் மாடல் இரண்டு முறை கணக்குப் போடுகிறது. ஒருமுறை உங்கள் வார்த்தைகளைப் பார்த்து, இன்னொரு முறை வார்த்தையே இல்லாமல். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எத்தனை மடங்காகப் பெருக்குவது என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது:

```
முடிவு = வெறும் + s × (சொல் − வெறும்)
```

ஒரே ஒரு புள்ளியை எடுத்துக்கொள்வோம். வார்த்தை இல்லாமல் மாடல் சொன்ன மதிப்பு 0.40, "செங்கல்" என்று கேட்டபின் சொன்னது 0.46 என்று வையுங்கள். s = 1 என்றால் முடிவு 0.46. s = 3 என்றால் 0.58. s = 7 என்றால் 0.82. செங்கல் என்ற சொல்லின் இழுப்பு அந்த அளவுக்குக் கூடுகிறது. எண் குறைவாக இருக்கும்போது, "நவீன வீடு" என்றதும் மாடல் அதிகம் பார்த்துப் பழகிய வெள்ளைப் பூச்சும் கண்ணாடியும் முன்னால் வந்து நிற்கின்றன. மாடல் கற்பனை செய்கிறது என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு இந்தப் பழக்கம்தான். படம் எந்தப் புள்ளிச் சிதறலில் இருந்து தொடங்கும் என்று தீர்மானிக்கும் சீட் எண்ணை மாற்றாமல், ஸ்கேலை 3, 5, 7, 9 என்று நான்கு படம் எடுத்துப் பாருங்கள். செங்கல் எந்த எண்ணில் உறுதியாக வருகிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: அப்படியென்றால் 18 வைத்தால் எல்லாம் சொன்னபடி வருமே? வைத்தேன். வானம் கரும் நீலமாகி, செங்கல் எரிந்த மாதிரி ஆகிவிட்டது. மாடியில் இரண்டு ஜன்னல் கேட்டேன், மூன்று இருக்கிறது.

இதில் இரண்டு பிரச்சினைகள் இருக்கின்றன. முதலாவது, எரிந்த மாதிரித் தோற்றம். அதே கணக்கில் 18 போட்டால் 0.40 + 18 × 0.06 = 1.48. பயிற்சியில் மாடல் பார்த்த எல்லையைத் தாண்டி மதிப்பு போய்விடுகிறது. ரெண்டரில் இதைக் கண்டுபிடிக்க நான் மூன்று இடம் பார்ப்பேன்: வெயில் படும் சுவரில் நுணுக்கம் இல்லாத வெறும் வெள்ளை, ஜன்னல் சட்டத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு, எல்லா இடத்திலும் ஒரே அழுத்தத்தில் வெட்டித் தெரியும் செங்கல் இணைப்பு. மூன்றும் இருந்தால் எண்ணைக் குறையுங்கள். அதிகம் குறைக்க மனமில்லை, டிஃப்யூசர்ஸ் நூலகம்தான் பயன்படுத்துகிறீர்கள் என்றால் இப்படிப் பாருங்கள்:

```
pipe(prompt, guidance_scale=9, guidance_rescale=0.7)
```

பெருக்கலால் வீங்கிய மதிப்பை இது ஓரளவு பழைய அளவுக்குக் கொண்டுவரும்.

இரண்டாவது, ஜன்னல் எண்ணிக்கை. இந்த மாடல்களுக்கு எண்ணத் தெரிவது குறைவு. தெரியாததை எத்தனை மடங்கு பெருக்கினாலும் தெரிந்ததாகாது. முகப்பின் கோட்டு வரைபடத்தை, கொடுத்த வடிவத்தை மாடல் பின்பற்றச் செய்யும் ControlNet வழியாகக் கொடுத்துவிட்டு, ஸ்கேலை 6 அல்லது 7-இல் வையுங்கள். வடிவத்தைக் கோடு பார்த்துக்கொள்ளும், பொருளையும் வெளிச்சத்தையும் வார்த்தை பார்த்துக்கொள்ளும்.

கேள்வி: வாடிக்கையாளர் முதல் சந்திப்பில் பல யோசனைகள் கேட்கிறார். என்ன எண் வைக்கலாம்?

ஸ்டேபிள் டிஃப்யூஷனின் எஸ்.டி. 1.5, எஸ்.டி.எக்ஸ்.எல் இரண்டிலும் 3 முதல் 5 வரை போதும். இங்கே சீட்டை மாற்றிக்கொண்டே போங்கள். குறைந்த எண்ணில் ஒவ்வொரு சீட்டும் வேறு கூரை, வேறு முற்றம் தரும். 12-க்கு மேல் போனால் பத்துப் படம் எடுத்தாலும் ஒரே வீட்டைப் பத்து முறை பார்ப்பது போல் இருக்கும். பிடித்த ஒன்றைத் தேர்ந்ததும் அதன் சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு 7 பக்கம் ஏற்றுங்கள். படம் கொஞ்சம் மாறத்தான் செய்யும், ஒரேயடியாக ஏற்றாமல் ஒவ்வொன்றாக ஏற்றுவது நல்லது.

கேள்வி: அதே 7-ஐ FLUX.1 [dev] என்ற வேறொரு மாடலில் வைத்தேன். சுவர் பிளாஸ்டிக் மாதிரி வழவழப்பாக வருகிறது.

அங்கே அந்த எண்ணின் பொருளே வேறு. பெருக்கலின் விளைவை மாடலுக்குள்ளேயே பயிற்சியில் ஏற்றிவிட்டார்கள், நீங்கள் கொடுப்பது மாடலுக்குப் போகும் ஒரு குறிப்பு மட்டும். டிஃப்யூசர்ஸில் அதற்கான எடுத்துக்காட்டுகளில் 3.5 என்று இருக்கும். கட்டடத்துக்கு 2.5 வரை இறக்கிப் பாருங்கள், பூச்சின் சொரசொரப்பு திரும்ப வரும்.

கேள்வி: எஸ்.டி.எக்ஸ்.எல் டர்போவில் "கார் வேண்டாம்" என்று நெகட்டிவ் பிராம்ட் கொடுத்தும் வாசலில் கார் நிற்கிறதே?

டர்போவை guidance_scale=0.0 வைத்துத்தான் ஓட்ட வேண்டும். நெகட்டிவ் பிராம்ட் உட்காருவது மேலே சொன்ன "வெறும்" கணக்கின் இடத்தில். டர்போவில் அந்த இரண்டாவது கணக்கே நடப்பதில்லை, அதனால் நீங்கள் எழுதியது மாடலை எட்டவே இல்லை. "காலியான வாசல், செம்மண் தரை" என்று வேண்டியதைப் பிராம்டிலேயே எழுதுங்கள்.